ரிலீஸ் நோட்ஸ் பயனருக்குப் புரியவில்லையா? வரும் கேள்வியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

மென்பொருளின் புதிய பதிப்பு போன மறுநாள் சப்போர்ட் மேசைக்கு வரும் அழைப்புகளைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால், ரிலீஸ் நோட்ஸில் என்ன விடுபட்டது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு வகை விடுபடலுக்கும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் இந்தக் குறிப்பையும் அப்படியே அமைத்திருக்கிறேன். பயனர் கேட்கும் கேள்விதான் தலைப்பு. அதன் கீழே எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கிற காரணம் கடைசியில். எந்தக் கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு டெவலப்பரையோ ஆடிட்டரையோ கூப்பிட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். மொத்த வியாபாரிகள், ஹார்ட்வேர் கடைகள், ஜவுளிக் கடைகள் பயன்படுத்துகிற வகை. கீழே இருப்பது விளக்கத்துக்காக நான் அமைத்த மாதிரிதான் என்றாலும், இதே வார்த்தைகளில் வரிகள் தினமும் வருகின்றன.

```
v4.12.0
- feat: normalise doc no to upper (IRP) #2231
- refactor: tax rounding HALF_EVEN -> HALF_UP
- fix: NPE in credit note save when GSTIN blank #2198
- feat: auto_eway flag (default off)
- deprecate: GET /v1/stock, use /v2/stock
- perf: idx on ledger_txn(party_id, txn_date)
- chore: bump pdf lib
```

டெவலப்பர்களுக்கு இது போதும். கடையில் பில் போடுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் இதில் ஒரு வரிகூட உதவாது.

## "படிச்சேன் சார். இப்ப நான் என்ன செய்யணும்?"

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் எளிதில் தீர்ந்துவிடும்.

### முதல் காரணம்: செய்ய வேண்டியதை எழுதவே இல்லை

ஒவ்வொரு வரியையும் எடுத்து, பயனரைப் பார்த்து "மாற்றுங்கள்", "சரிபாருங்கள்", "எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொல்கிற ஒரு வினை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறு அங்கேதான். டெவலப்பர் எழுதிய வரி நிரலுக்கு என்ன நடந்தது என்று சொல்லும். அதை அப்படியே தமிழ்ப்படுத்தினாலும் நிரலின் கதைதான் தமிழில் வரும்.

மாதிரியின் முதல் வரியைப் பாருங்கள். `normalise doc no to upper`. முதல் முயற்சியில் எல்லோரும் எழுதுவது, "பில் எண்கள் இனி பெரிய எழுத்தில் வரும்" என்பது. தவறில்லை, ஆனால் பாதிதான். ஏன் இந்த மாற்றம் வந்தது என்று டிக்கெட் 2231-ஐத் திறந்து பார்த்தால் விஷயம் தெரியும். 2025 ஜூன் 1 முதல், இ-இன்வாய்ஸ் பதிவு செய்யும் அரசுத் தளம் பில் எண்ணில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. எப்படி அனுப்பினாலும் பெரிய எழுத்தாக மாற்றித்தான் ஐஆர்என் என்ற பதிவு எண்ணை உருவாக்குகிறது. மென்பொருளும் அதற்கு இணங்க இனி பில் எண்ணை முன்கூட்டியே பெரிய எழுத்தாக்கிவிடும்.

இப்போது அடுத்த கேள்வி: இதனால் யாருக்கு வேலை கெடும்? சில கடைகளில் இரண்டு கவுன்டர் இருக்கும். ஒன்றுக்கு `A/101` என்று வரிசை, இன்னொன்றுக்கு `a/101`. இதுவரை மென்பொருளுக்குள் அவை இரண்டு தனி எண்கள். அப்டேட் ஆனபின் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் கவுன்டர் 101 போட்டபின் இரண்டாவது கவுன்டரில் "இந்த எண் ஏற்கனவே உள்ளது" என்று நின்றுவிடும். அதுவும் எதிரில் வாடிக்கையாளர் நிற்கும்போது. ஆக, செய்ய வேண்டியது அப்டேட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது. இதைத் தெரிந்துகொண்டபின் எழுதினால் இப்படி வரும்:

> அப்டேட் செய்வதற்கு முன் பாருங்கள்: பில் வரிசைப் பெயர்
> இனி எல்லா பில் எண்களும் பெரிய எழுத்தில் மட்டுமே இருக்கும். அரசின் இ-இன்வாய்ஸ் தளம் இப்போது அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.
> உங்கள் கடையில் `A`, `a` என்று எழுத்தின் அளவில் மட்டும் வேறுபடும் இரண்டு வரிசைகள் இருந்தால், அப்டேட்டுக்கு முன் ஒன்றின் பெயரை மாற்றுங்கள் (உதாரணம்: `B`). மாஸ்டர் > பில் வரிசை என்ற இடத்தில் அட்மின் லாகினில் மாற்றலாம்.
> அப்படி இரண்டு வரிசை இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டாம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கடைகளுக்குப் பொருந்துவது அந்த வரிதான், அழைப்புகளைக் குறைப்பதும் அதுதான். "நிதியாண்டு நடுவில் வரிசையை மாற்றலாமா?" என்று கணக்கர் கேட்பார். ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி விதி இடம் கொடுக்கிறது. எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அந்த ஆண்டில் திரும்ப வரக் கூடாது. இந்தக் கேள்வி வரும் என்று முன்பே தெரிந்தால், பதிலையும் ஒரு வரியாக நோட்ஸிலேயே சேர்த்துவிடலாம்.

### இரண்டாவது காரணம்: செய்ய வேண்டியது இருக்கிறது, யார் என்பது இல்லை

மேலே "அட்மின் லாகினில்" என்று சேர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் கவுன்டரில் இருக்கும் பையன் மெனுவைத் தேடிவிட்டு, "எனக்கு அந்த மெனுவே வரலை அண்ணே" என்று கூப்பிடுவார். எந்த உரிமை உள்ள லாகினில் அந்தத் திரை தெரியும் என்று நீங்களே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். டெவலப்பரின் லாகினில் எல்லா மெனுவும் தெரியும் என்பதால் அவரிடம் கேட்டு எழுதினால் இது தப்பிப்போகும்.

### மூன்றாவது காரணம்: எப்போதுக்குள் என்பது இல்லை

`deprecate: GET /v1/stock` என்ற வரியைப் பாருங்கள். டெவலப்பருக்கு இதன் பொருள் தெளிவு: பழைய வழி இன்னும் வேலை செய்யும், ஆனால் ஒருநாள் நீக்கப்படும், அதனால் இப்போதே புதியதுக்கு மாறிவிடுங்கள். பயனர் இதை இரண்டு விதமாகத் தவறாக எடுத்துக்கொள்வார். ஒன்று, இன்றே நின்றுவிட்டது என்று பயப்படுவார். இல்லாவிட்டால், வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டு, நிஜமாகவே நீக்கும் நாளில் அவருடைய ஆன்லைன் கடையில் சரக்கு இருப்பு புதுப்பிக்கப்படாமல் நிற்பார்.

இங்கே எழுத வேண்டியது மூன்று விஷயம். யாருக்கு: எங்கள் மென்பொருளிலிருந்து சரக்கு இருப்பை எடுத்துத் தங்கள் இணையதளத்திலோ ஆப்பிலோ காட்டுபவர்களுக்கு மட்டும். இப்போது என்ன: ஒன்றும் நிற்கவில்லை. செய்ய வேண்டியது: அந்த இணைப்பைச் செய்துகொடுத்தவருக்கு இந்தப் பத்தியை அப்படியே அனுப்புங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் `/v1/stock`, `/v2/stock` என்ற பெயர்களை மாற்றாமல் வைக்க வேண்டும். படிக்கப் போகிறவர் இன்னொரு டெவலப்பர்.

யாரைக் கூப்பிட வேண்டும்: பழைய வழி எந்தத் தேதி வரை இருக்கும் என்று டெவலப்பர் வரியில் இருக்காது. அவரிடம் கேட்டாலும், "இப்போதைக்கு எடுக்க மாட்டோம்" என்பார். அந்தத் தேதியை முடிவுசெய்யும் பொறுப்பு ப்ராடக்ட் மேனேஜருடையது. அவரிடம் தேதி வாங்காமல் நோட்ஸை அனுப்பாதீர்கள். நீங்களாக "விரைவில்" என்று போட்டால் அதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு பொருள் வைத்துக்கொள்வார்.

## "அப்படின்னா பழைய பில் எல்லாம் தப்பா?"

இந்தக் கேள்வி வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். பயனர் பயந்திருக்கிறார். அடுத்து அவர் ஆடிட்டருக்குப் போன் செய்வார். அவர் திரும்ப உங்களுக்குச் செய்வார். ஏதோ ஒரு தொகை மாறியிருக்கிறது என்று நோட்ஸில் சொல்லிவிட்டு, அது எதுவரை எட்டும் என்று சொல்லாமல் விட்டதால் வருவது இது.

### முதல் காரணம்: மாற்றத்தின் எல்லை எழுதப்படவில்லை

மாதிரியின் இரண்டாவது வரிதான் இதற்குச் சரியான உதாரணம். `tax rounding HALF_EVEN -> HALF_UP`. "வரித் தொகையை முழுமையாக்கும் முறை மேம்படுத்தப்பட்டது" என்று இதை எழுதி அனுப்பினால், கணக்கர் ஒவ்வொருவரும் கூப்பிடுவார்கள். அதுவும் நியாயம்தான்.

என்ன மாறியது என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுங்கள். ரூ.12.50 மதிப்புள்ள பொருளுக்கு 9% மத்திய வரி ரூ.1.125. இதை இரண்டு தசமத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய முறையில், சரியாகப் பாதியில் நிற்கும்போது பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். அதனால் ரூ.1.12. புதிய முறையில் பாதியில் நின்றால் எப்போதும் மேலே போகும், அதனால் ரூ.1.13. மாநில வரியும் அதே 9% என்பதால் இரண்டும் சேர்ந்து 2 பைசா வித்தியாசம். இதே கணக்கை ரூ.37.50-க்குப் போட்டால் ரூ.3.375 வரும், இரண்டு முறையிலும் விடை ரூ.3.38. ஆக, மூன்றாவது தசமத்தில் சரியாக 5-இல் முடிந்து, அதற்கு முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக இருக்கும் வரிகளில் மட்டும்தான் தொகை மாறும்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஏன் இத்தனை கவனம் என்று தோன்றலாம். கணக்கரின் மேசையில் 2 பைசா பொருந்தாமல் போனாலும் அது பொருந்தாததுதான். வாங்கியவரின் கணக்கோடு ஒத்துப்பார்க்கும்போது அவர் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடி அரை நாளைச் செலவழிப்பார்.

கணக்கைப் புரிந்துகொண்டபின் டெவலப்பரிடம் எல்லை பற்றிக் கேளுங்கள். ஏற்கனவே சேமித்த பில்களை மென்பொருள் தானாகத் திரும்பக் கணக்கிடுமா? பழைய பில்லைத் திறந்து, முகவரி மாதிரி வேறு எதையாவது திருத்திச் சேமித்தால் வரித் தொகை மாறுமா? பழைய பில்லைத் திரும்ப அச்சிட்டால் எந்தத் தொகை வரும், சேமித்ததா, புதிதாகக் கணக்கிட்டதா? இந்த மூன்றுக்கும் "ஆம்", "இல்லை" என்று நேர்ப் பதில் வாங்குங்கள். "பொதுவா மாறாது" என்ற பதிலை ஏற்காதீர்கள். டெஸ்ட் டேட்டாவில் ஒரு ரூ.12.50 பில்லைப் பழைய பதிப்பில் போட்டு, புதிய பதிப்பில் திறந்து, ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்துப் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது. பத்து நிமிட வேலை.

பழையது எதுவும் மாறவில்லை என்று உறுதியானால் இப்படி எழுதலாம்:

> கணக்கருக்கு: வரித் தொகையில் பைசா கணக்கு
> அப்டேட்டுக்குப் பிறகு போடும் பில்களில், வரித் தொகை சரியாக அரைப் பைசாவில் முடிந்தால் இனி எப்போதும் அடுத்த பைசாவுக்கு உயர்த்தப்படும். உதாரணம்: ரூ.12.50-க்கு 9% வரி இதுவரை ரூ.1.12, இனி ரூ.1.13.
> இதற்கு முன் போட்ட பில்கள் மாறாது. திரும்பத் திறந்தாலும், அச்சிட்டாலும் பழைய தொகையே இருக்கும்.
> நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஒரே மாதத்தில் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் போட்ட பில்களை ஒப்பிட்டால் சில வரிகளில் ஒரு பைசா வித்தியாசம் தெரியலாம்.

### இரண்டாவது காரணம்: வரியின் முன்னொட்டை நம்பி விட்டுவிட்டது

இந்த வரிக்கு முன்னால் `refactor` என்று இருக்கிறது. நிரலின் உள்ளமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்தினோம், வெளியே எதுவும் மாறவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அதனால் பல இடங்களில் `refactor`, `chore` என்று தொடங்கும் வரிகளைப் படிக்காமலே நீக்கிவிடுவார்கள். டெவலப்பர் இதை நிரலைச் சீர்செய்யும் வேலையோடு சேர்த்துச் செய்ததால் அப்படிப் பெயரிட்டிருக்கிறார். அவர் பார்வையில் சரி. ஆனால் பில் தொகை மாறிவிட்டது.

எனவே முன்னொட்டை வைத்து முடிவெடுக்காமல், அந்த மாற்றம் எந்தக் கோப்புகளைத் தொட்டது என்று ஒருமுறை பாருங்கள். நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கோப்புப் பெயர்களே போதும்.

```
git log v4.11.0..v4.12.0 --no-merges --stat
```

பட்டியலில் வரி, தொகை, அச்சு, அறிக்கை, உரிமை என்ற பொருளில் பெயர் வந்தால் அந்த வரியை டெவலப்பரிடம் கேட்காமல் நீக்காதீர்கள்.

### மூன்றாவது காரணம்: பழைய பில்கள் உண்மையிலேயே மாறுகின்றன

மேலே சொன்ன சோதனையில் பழைய பில்லின் தொகை மாறிவிட்டது என்றால், இது எழுத்தால் தீரும் விஷயமில்லை. இ-இன்வாய்ஸ் பதிவான பில்லை அரசுத் தளத்தில் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ஆனால் ரத்து செய்த எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. அப்படியிருக்க, கடையின் மென்பொருளில் ஒரு தொகையும் அரசுத் தளத்தில் ஒரு தொகையும் இருந்தால் அதைப் பயனர் தலையில் கட்டக் கூடாது. "பழைய பில்களைத் திறந்து சேமிக்காதீர்கள்" என்று நோட்ஸில் எச்சரிக்கை போட்டுச் சமாளிக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒருவர் கட்டாயம் திறந்து சேமிப்பார்.

யாரைக் கூப்பிட வேண்டும்: ப்ராடக்ட் மேனேஜரிடம் போய், பதிவான பில்லின் தொகையைப் பூட்டும்வரை வெளியீட்டை நிறுத்தச் சொல்லுங்கள். முன்பிருந்த முறை சட்டப்படி சரியா, தவறா என்ற கேள்வி எழுந்தால் அதற்கு நிறுவனத்தின் வரி ஆலோசகர் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த வாக்கியத்தை நோட்ஸில் நீங்களாக எழுதாதீர்கள்.

## "நீங்க சொன்னது என் ஸ்கிரீன்ல இல்லையே"

முதலில் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் இன்னும் அப்டேட்டே செய்திருக்க மாட்டார்கள், அல்லது சர்வரில் செய்துவிட்டு கவுன்டர் கணினியில் மென்பொருளை மூடித் திறக்காமல் இருப்பார்கள். நோட்ஸின் தலைப்பிலேயே, "உங்கள் திரையின் கீழ்மூலையில் 4.12.0 என்று இருந்தால் இது உங்களுக்கு" என்று ஒரு வரி போட்டால் இந்த அழைப்புகள் நின்றுவிடும்.

பதிப்பு சரி என்றால், மெனுவின் பெயரைப் பாருங்கள். டெவலப்பர் வரியில் இருப்பது நிரலுக்குள் வைத்த பெயர். திரையில் வேறு பெயர் இருக்கும். தமிழ்த் திரையில் இன்னொரு பெயர் இருக்கும். மென்பொருளைத் தமிழில் வைத்து ஒருமுறை, ஆங்கிலத்தில் வைத்து ஒருமுறை திறந்து, அங்கே உள்ள சொல்லையே எடுத்துப் போடுங்கள்.

அதுவும் சரி என்றால், வசதியே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். `auto_eway flag (default off)` என்பதன் பொருள் அதுதான். இ-வே பில்லைத் தானாக உருவாக்கும் வசதி உள்ளே வந்துவிட்டது, ஆனால் யாராவது இயக்கும்வரை தெரியாது. "இ-வே பில் இனி தானாக உருவாகும்" என்று எழுதிவிட்டால் விளைவு மோசமாக இருக்கும். கடைக்காரர் அதை நம்பி, இ-வே பில் இல்லாமல் வண்டியை அனுப்பிவிடுவார். இந்த மாதிரி வரியில் முதல் வாக்கியமே, "இப்போது எதுவும் மாறவில்லை, நீங்கள் வழக்கம்போல இ-வே பில் போட வேண்டும்" என்று இருக்க வேண்டும். இயக்கும் வழியை அதற்குப் பிறகு சொல்லலாம்.

இயக்கும் ஸ்விட்ச் வாடிக்கையாளரின் அமைப்புகளில் இருக்கிறதா, அல்லது உங்கள் சர்வர் பக்கம் டெவலப்பரே போட வேண்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால், அந்த வசதி இன்னும் வாடிக்கையாளருக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். நோட்ஸிலிருந்து அதை எடுத்துவிட்டு, திறக்கும் நாளில் தனியாக அறிவியுங்கள்.

## யாரும் கேட்கவில்லை, ஆனால் மாதக் கடைசியில் அதே பிரச்சினை

அழைப்பு வராததால் நோட்ஸ் நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சமயத்தில், நோட்ஸில் தெளிவாகச் சொன்ன விஷயத்திலேயே கணக்கர் மாட்டிக்கொள்வார். படிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

எளிய காரணம், வரிசை. டெவலப்பர் தனக்கு எது அதிக வேலை வாங்கியதோ அதை முதலில் போடுவார், அல்லது வேலை முடிந்த வரிசையில் போடுவார். நீங்கள் அதைக் கலைத்துவிட்டு, அப்டேட்டுக்கு முன் செய்ய வேண்டியதை மேலே, அப்டேட்டுக்குப் பின் கவனிக்க வேண்டியதை அடுத்து, தெரிந்துகொண்டால் போதும் என்பதைக் கடைசியில் வையுங்கள். மாதிரியில் ஏழு வரி இருந்தாலும், பில் வரிசை ஒன்றுதான் முன்கூட்டியே செய்ய வேண்டியது. அது முதலில் தனியாக நிற்க வேண்டும்.

அடுத்த காரணம், எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்புவது. கவுன்டரில் இருப்பவருக்குப் பில் எண் மட்டும் போதும். கணக்கருக்குப் பைசா கணக்கும் கிரெடிட் நோட்டும். கடை முதலாளிக்கு, "அப்டேட்டுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது, உங்கள் அட்மினிடம் சொல்லுங்கள்" என்ற ஒரே வரி வாட்ஸ்அப்பில் போனால் போதும். ஒரே கோப்பாக அனுப்பினாலும் ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் யாருக்கு என்று போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தேவையில்லாத வரிகளின் கூட்டம். `perf: idx on ledger_txn` என்பது லெட்ஜர் அறிக்கை வேகமாகத் திறக்க உதவும் மாற்றம். டெஸ்டர் பெரிய டேட்டாவில் திறந்து பார்த்து வித்தியாசம் தெரிகிறது என்றால், "பார்ட்டி வாரியான லெட்ஜர் முன்பைவிட வேகமாகத் திறக்கும்" என்று கடைசியில் ஒரு வரி. யாரும் பார்க்கவில்லையென்றால் எழுத வேண்டாம்.

`chore: bump pdf lib` போன்ற வரியை வழக்கமாக நீக்கிவிடலாம். ஆனால் தமிழில் பில் அச்சிடும் கடைகள் இருந்தால் நீக்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பிடிஎஃப் உருவாக்கும் நூலகம் மாறும்போது தமிழ் எழுத்துகளை அமைக்கும் விதமும் சில சமயம் மாறிவிடும். "கொ", "கே", "மௌ" போன்ற எழுத்துகள் உள்ள பெயரில் ஒரு பில்லை அச்சிட்டுப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், அல்லது எழுத்துக்குப் பதில் கட்டம் வந்தால், நோட்ஸ் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு டெவலப்பரைக் கூப்பிடுங்கள். இதை எழுதி விளக்கி ஆவதில்லை, நூலகத்தையோ எழுத்துருவையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

## "நோட்ஸ்ல ஒண்ணு சொல்றீங்க, சாஃப்ட்வேர் வேற செய்யுது"

செலவு பிடிக்கும் கோளாறு இது. ஒருமுறை நடந்தால் அடுத்த சில வெளியீடுகளுக்கு உங்கள் நோட்ஸை யாரும் நம்ப மாட்டார்கள்.

### முதல் காரணம்: பட்டியலில் இருந்தது வெளியீட்டில் இல்லை

டெவலப்பர் பட்டியல் கொடுத்தபின், கடைசி நேரத்தில் ஒரு மாற்றத்தைத் திரும்ப எடுத்திருப்பார். பட்டியலைத் திருத்த மறந்திருப்பார். வெளியீட்டு நாளன்று காலையில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
git log v4.11.0..v4.12.0 --oneline --grep="Revert"
```

ஏதாவது வந்தால் அந்த வரியை நோட்ஸிலிருந்து எடுத்துவிட்டு டெவலப்பரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றும் வரவில்லை என்பதால் மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம், சிலர் கையால் அழித்துத் திரும்ப எடுப்பார்கள். நோட்ஸில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியீட்டுக்குப் போகும் அதே பதிப்பில் ஒருமுறை செய்து பார்ப்பதுதான் முழுச் சோதனை.

### இரண்டாவது காரணம்: குறுகிய வரியை ஊகித்து விரித்தது

மாதிரியில் மிச்சம் இருக்கும் வரி: `fix: NPE in credit note save when GSTIN blank`. இதைப் படித்ததும், "ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்குக் கிரெடிட் நோட் சேமிக்கும்போது வந்த பிழை சரிசெய்யப்பட்டது" என்று எழுதத் தோன்றும். வார்த்தைக்கு வார்த்தை சரிதான். இதுவரை பிழை வந்து நின்றது, இனி நிற்காது. ஆனால் நிற்காமல் என்ன செய்கிறது? ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், மென்பொருள் ஏதாவது ஒரு முடிவெடுத்துத்தானே சேமிக்க முடியும்.

டிக்கெட் 2198-இன் கடைசிப் பதிவுகளைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே பதில் இருக்கும். இந்த மாதிரியில், எண் காலியாக இருந்தால் வாடிக்கையாளரைப் பதிவு இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே பதிவு இல்லாதவர் என்றால் சரி. ஆனால் பதிவு உள்ள ஒரு வியாபாரியின் எண்ணை மாஸ்டரில் போட மறந்திருந்தால்? இதுவரை பிழைச் செய்தி வந்து, கணக்கர் எண்ணைத் தேடிப் போட்டார். இனி எந்தச் சத்தமும் இல்லாமல் அந்தக் கிரெடிட் நோட் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் பதிவு இல்லாதவர்கள் பக்கம் போய்ச் சேரும், அந்த வியாபாரியின் பக்கத்தில் தெரியாது. ஏன் தெரியவில்லை என்று அந்த வியாபாரி அப்போது கேட்பார். ஒரு பிழையை நீக்கியதால் ஒரு தடுப்பும் போயிருக்கிறது. பயனருக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான்:

> கணக்கருக்கு: ஜிஎஸ்டி எண் இல்லாத கிரெடிட் நோட்
> வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் காலியாக இருந்தாலும் இனி கிரெடிட் நோட்டைச் சேமிக்க முடியும். அது பதிவு இல்லாதவர் கணக்கில் சேரும்.
> பதிவு உள்ள வியாபாரி என்றால், சேமிப்பதற்கு முன் மாஸ்டர் > வாடிக்கையாளர் என்ற இடத்தில் எண்ணைப் போடுங்கள். எண் இல்லை என்று மென்பொருள் இனி எச்சரிக்காது.
> ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு முன், அந்த மாதக் கிரெடிட் நோட்களில் ஜிஎஸ்டி எண் காலியாக உள்ளவற்றை ஒருமுறை பாருங்கள்.

`fix` என்று தொடங்கும் எந்த வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முன்பு நின்ற இடத்தில் இப்போது என்ன நடக்கிறது? டெவலப்பரிடம் கேட்கும்போது "சரியாயிடுச்சா?" என்று கேட்காதீர்கள், "ஆயிடுச்சு" என்று மட்டும் பதில் வரும். "எண்ணைக் காலியா விட்டுட்டு சேவ் பண்ணினா ரிட்டர்ன்ல எங்க போய் உக்காரும்?" என்று கேளுங்கள். சில சமயம் அவரே யோசித்துவிட்டு, "அதை நான் பார்க்கல, இருங்க" என்று திரும்பிப் போவார்.

### மூன்றாவது காரணம்: டெவலப்பருக்கும் டெஸ்டருக்கும் வெவ்வேறு பதில்

டிக்கெட்டில் ஒன்று, டெவலப்பர் சொல்வது ஒன்று, டெஸ்ட் செய்தால் வருவது ஒன்று என்று இருந்தால் நீங்கள் நடுவராக இருக்க வேண்டாம். திரையில் என்ன வருகிறதோ அதைப் படம் எடுத்து, நீங்கள் எழுதிய பயனர் வாக்கியத்தையும் அதற்குக் கீழே போட்டு, இருவருக்கும் ஒன்றாக அனுப்புங்கள். "இந்த வாக்கியம் இப்படியே வாடிக்கையாளருக்குப் போகிறது, சரியா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். நிரலைப் பற்றிய விவாதத்தில் வராத தெளிவு, வாடிக்கையாளர் படிக்கப்போகும் வாக்கியத்தைக் கண்ணால் பார்க்கும்போது வந்துவிடுகிறது.

யாரைக் கூப்பிட வேண்டும்: ரிட்டர்னில் எந்த அட்டவணைக்குப் போக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தால் வரி ஆலோசகர். மாற்றம் பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வது என்று தெரிந்தால் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். குறை எங்கே இருந்தது, எப்படி நுழையலாம் என்ற விவரங்களை அவர் சொல்லும்வரை எழுதாதீர்கள். "உடனே அப்டேட் செய்யுங்கள், பாதுகாப்பு தொடர்பானது" என்பது பயனருக்குப் போதும். பதில் வருவதற்குள் வெளியீட்டு நேரம் வந்துவிட்டால், தெளிவாகாத வரியை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை அனுப்புங்கள். நிறுத்திய வரி பில் தொகையையோ ரிட்டர்னையோ தொடுவதாக இருந்தால் ப்ராடக்ட் மேனேஜரிடம் சொல்லி வெளியீட்டையே அடுத்த நாளுக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு 11-ஆம் தேதி என்பதால், அந்தத் தேதியை ஒட்டி வரும் வெளியீட்டில் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.